ஒரே டிக்கெட், மூன்று பெட்டி

கணிப்பொறி வருவதற்கு முந்தைய காலத்தில், எந்தப் பெரிய ரயில் நிலையமானாலும் முன்பதிவு அலுவலகத்தை ஆண்டது ஒரு தடித்த பதிவேடுதான். ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிப் பக்கங்கள். பக்கத்தில் பெட்டி எண், அதன் கீழே வரிசையாகப் படுக்கை எண்கள். கவுண்ட்டரில் இருந்த எழுத்தர் பயணியின் படிவத்தை வாங்கிக் கொண்டு, பக்கத்தைப் புரட்டி, காலியாக இருந்த எண்ணுக்கு எதிரே பெயரையும் டிக்கெட் எண்ணையும் எழுதினார். பிறகு கெட்டி அட்டையில் அச்சிட்ட டிக்கெட்டின் பின்பக்கம் பெட்டியையும் படுக்கையையும் மையால் குறித்துக் கொடுத்தார். அதோடு வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சில நொடிகளில் இன்னொரு வேலையும் ஓசையில்லாமல் நடந்து முடிந்திருந்தது.

படிவத்தில் ஐந்து பெயர்கள் இருந்தால், எழுத்தரின் கண் ஐந்து வெற்றுக் கோடுகளைச் சேர்ந்தாற்போல் தேடியது. பக்கம் முழுவதும் அவர் கண்முன் விரிந்து கிடந்தது. எட்டுப் படுக்கைகள் கொண்ட ஒரு தடுப்பில் ஐந்து இடம் காலியாக இருப்பதும், அடுத்த தடுப்பில் இரண்டுதான் மிஞ்சியிருப்பதும் ஒரே பார்வையில் தெரிந்தன. படிவத்தில் எழுபது வயதுப் பாட்டியும் ஆறு வயதுப் பேரனும் இருந்தால், அவர்களை எங்கே எழுத வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனம் இருந்த எழுத்தர் பார்த்துச் செய்தார். மனம் இல்லாதவர் வாயில் வந்த எண்ணை எழுதினார். எப்படியானாலும், குடும்பம் சேர்ந்து போவதா பிரிந்து போவதா என்பதை முடிவு செய்தது ஒரு மனிதக் கண். அந்தக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் நாள் நெருங்கிக் கொண்டிருந்தது.

ஏனென்றால் பதிவேட்டுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. ஒரு புத்தகம் ஒரு நேரத்தில் ஒரு மேசையில்தான் இருக்க முடியும். அதனால் இந்த ரயிலுக்கு இந்த கவுண்ட்டர், அந்த ரயிலுக்கு அந்த கவுண்ட்டர் என்று பிரித்து வைத்தார்கள். விடியற்காலையில் வந்து, மணிக்கணக்கில் வரிசையில் நின்று, ஜன்னலை எட்டியபோது 'இடமில்லை' என்று பதில் வந்தால், அடுத்த ரயிலைக் கேட்க வேறொரு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்க வேண்டியிருந்தது. திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமென்றால் தந்தி போனது, பதில் வரும்வரை காத்திருந்தார்கள். புத்தகத்துக்குள் உண்மையில் எத்தனை இடம் இருந்தது என்பது ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்குத் தெரியவே தெரியாது. அந்த இருட்டில்தான் தரகர்கள் பிழைத்தார்கள். பயணிகள் கூடக் கூட ரயில்கள் கூடின, ரயில்கள் கூடக் கூடப் புத்தகங்கள் கூடின. இதற்கு வழி கண்டுபிடிக்க முன்வந்ததோ, ரயிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத காரணத்துக்காகப் பிறந்த ஒரு நிறுவனம்.

கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம் 1970களின் நடுவில் தொடங்கப்பட்டது. பெயரிலேயே இருந்ததுபோல, கணிப்பொறிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பதுதான் அதன் வேலை. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச் சென்ற இயந்திரங்களைக் காப்பாற்றி ஓட்டும் பொறுப்பு இவர்கள் தலையில் விழுந்தது. அடுத்தவர் செய்த இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியே கற்றுத் தேர்ந்த அந்தப் பொறியாளர்கள், சி.எம்.சி. என்ற சுருக்கப் பெயரோடு, சொந்தமாகப் பெரிய அமைப்புகளை எழுதும் இடத்துக்கு வளர்ந்தார்கள். 1980களின் நடுவில் ரயில்வே அவர்களிடம் கொடுத்த வேலை, அதுவரை இந்தியாவில் யாரும் தொட்டிராதது.

கேட்டது ஒன்றுதான்: எந்த கவுண்ட்டரில் நின்றாலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் கிடைக்க வேண்டும். எளிதாகத் தோன்றிய இந்த ஆசைக்குள் ஒரு முள் இருந்தது. புத்தகம் ஒரு மேசையில் இருந்தவரை, ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு எழுதும் ஆபத்து குறைவு. பக்கம் ஒருவர் கையில்தானே இருந்தது. ஆனால் பல கவுண்ட்டர்கள் ஒரே நொடியில் ஒரே ரயிலின் ஒரே படுக்கையைக் கேட்டால்? ஒருவருக்குக் கொடுக்கும் அந்தக் கணத்தில் மற்ற எல்லோருக்கும் அது மறைந்தாக வேண்டும். அதனால் இயந்திரத்துக்குள் படுக்கைகள் ஒரு பொதுக் கையிருப்பாக வைக்கப்பட்டன. கேட்டவுடன் எடு, எடுத்தவுடன் கழி, அடுத்தவருக்கு மிச்சத்தைக் காட்டு. இந்த அடிப்படைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும், குடும்பங்களைப் பிரித்த சங்கடத்துக்கும் சேர்த்து, விதையாக இருந்தது.

1985இன் இறுதியில் புதுடெல்லியில் சோதனை ஓட்டம் தொடங்கியது. டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணிப்பொறிகளின் மேல் ஓடிய அந்த மென்பொருளுக்கு 'இம்ப்ரஸ்' என்று பெயர் வைத்தார்கள். வரிசை ஒரு ரயிலுக்கு என்பது போய், எல்லா ரயிலுக்கும் என்றானது. ஒரு ரயிலில் இடமில்லை என்றால் அதே ஜன்னலில், அதே நிமிடத்தில், அடுத்த ரயிலைக் கேட்க முடிந்தது. பெயர், வயது, பெட்டி, படுக்கை எல்லாம் அச்சாகி வந்தன. 1986இல் ரயில்வே தனக்கென்று 'கிரிஸ்' என்ற தகவல் மையத்தையே அமைத்தது. 1987இல் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களுக்கும், பிறகு செகந்திராபாத்துக்கும் கணிப்பொறி முன்பதிவு பரவியது. சென்னையில் 1985இல் எரிந்து போன மூர் மார்க்கெட் இருந்த மனையில் ரயில்வே கட்டடம் எழுந்தது. பழைய புத்தகக் கடைகள் இருந்த அதே இடத்தில் முன்பதிவு கவுண்ட்டர்கள் வரிசை கட்டின. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஐந்து ஊர்களும் ஐந்து தீவுகளாக இருந்தன.

சென்னைக் கணிப்பொறிக்கு டெல்லிக் கணிப்பொறியின் கையிருப்பு தெரியாது. அப்படியானால் ஓர் ஊரில் இருப்பவர் வேறோர் ஊரிலிருந்து புறப்படும் ரயிலில் இடம் பிடிப்பது எப்படி? பதிவேட்டுக் காலத்திலிருந்தே கையில் இருந்த விடை கோட்டா. ஒரு ரயிலின் படுக்கைகளை முன்கூட்டியே பங்கு பிரித்து, இத்தனை புறப்படும் ஊருக்கு, இத்தனை வழியிலுள்ள இந்த ஊருக்கு, இத்தனை அந்த ஊருக்கு என்று எழுதி வைத்திருந்தார்கள். கிரிஸ் எழுதிய 'கான்செர்ட்' என்ற புதிய மென்பொருள் 1990களில் வந்து, 1999இல் ஐந்து மையங்களையும் ஒரே வலையில் கோத்து முடித்தது. எங்கிருந்தும் எங்கேயும் டிக்கெட் எடுக்கலாம் என்றானது அப்போதுதான். தீவுகள் இணைந்தன. பங்குகள் மட்டும் கரையவில்லை.

கரையாததற்கு நியாயமான காரணம் இருந்தது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகும் ரயிலில் எல்லாப் படுக்கைகளையும் பொதுவில் விட்டால், புறப்படும் ஊரிலேயே விற்றுத் தீர்ந்து, விழுப்புரத்திலும் திருச்சியிலும் ஏறுகிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வழி ஊர்களுக்கான பங்குகள் தொடர்ந்தன. அவற்றோடு வேறு பங்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. தனியாகவோ பெண்கள் மட்டும் உள்ள குழுவாகவோ போகும் பெண்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் 6 படுக்கைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு 4, அவசரத் தேவைக்குச் சில, 1997இல் வந்த தட்கலுக்கு ஒரு பெரும் பங்கு. ஆர்.ஏ.சி. பயணிகள் இருவர் இருவராக உட்கார்ந்து போவதற்குச் சில சைடு லோயர் படுக்கைகள். முதியோருக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு 6 முதல் 7 கீழ்ப் படுக்கைகள். ஒவ்வொரு பங்கும் யாரோ ஒருவரின் உண்மையான தேவையிலிருந்து பிறந்தது. ஒவ்வொன்றும் பொதுக் கையிருப்பில் ஓர் ஓட்டையைப் போட்டது.

அந்த ஓட்டைகள் எங்கே விழுந்தன என்பதில்தான் கதையின் முடிச்சு இருந்தது. பழைய வகை ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள், 9 தடுப்புகள். எண்களின் வரிசை எல்லாத் தடுப்பிலும் ஒன்றேதான். 1 லோயர், 2 மிடில், 3 அப்பர், எதிரே 4 லோயர், 5 மிடில், 6 அப்பர், நடைபாதைக்கு அந்தப்பக்கம் 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். அடுத்த தடுப்பு 9இல் ஆரம்பிக்கும். ஒரு தடுப்பில் மூன்றே மூன்று கீழ்ப் படுக்கைகள். அவற்றில் ஒன்று முதியோர் பங்கிலும், சைடு லோயர் ஆர்.ஏ.சி.யிலும் போய்விட்டால், பொதுவில் வருகிற குடும்பத்துக்கு அந்தத் தடுப்பு திறக்கும்போதே முழுசாக இல்லை. பல் உதிர்ந்த சீப்பு மாதிரி, முதல் நாளே இடைவெளிகளோடுதான் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதற்குமேல் அடுத்த திருப்பம் 2002இல் வந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. முதலில் அச்சிட்ட டிக்கெட் கூரியரில் வீடு தேடி வந்தது. 2005இல் இ-டிக்கெட் வந்தபின் தாளும் தேவைப்படவில்லை. கவுண்ட்டர் நாட்களில் எழுத்தர் ஒரு சொல் கேட்க முடிந்தது. 'ஆறு பேருக்கும் ஒரே இடத்தில் இல்லை, நாலு இங்கே, ரெண்டு அடுத்த பெட்டியில், போடட்டுமா?' என்று அவர் ஜன்னலுக்கு இந்தப்பக்கம் பார்த்துக் கேட்டால், பயணி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லலாம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த உரையாடல் கிடைக்கவில்லை. காலியிடங்களின் எண்ணிக்கை தெரிந்தது. எந்தப் பெட்டியில், எந்த எண்கள் என்பது தெரியவில்லை. அதைவிடப் பெரிய மாற்றம் பணம் கட்டும் இடத்தில் ஒளிந்திருந்தது.

ஒருவர் விவரங்களை நிரப்பி வங்கிப் பக்கத்துக்குப் போய்வரும் சில நிமிடங்களுக்கு அவருக்காகப் படுக்கைகளைப் பிடித்து வைத்தால், பணம் கட்டாமல் போகிறவர்களின் இடங்களெல்லாம் அந்த நேரம் முழுவதும் முடங்கிக் கிடக்கும். தட்கல் நேரத்தில் அது ரயிலையே முடக்கிவிடும். எனவே படுக்கை ஒதுக்கப்பட்டது பணம் வந்து சேர்ந்த பிறகுதான். பக்கத்தைத் திறந்தபோது ஒரே தடுப்பில் ஆறு இடம் இருந்திருக்கலாம். ஓ.டி.பி. வந்து சேர்வதற்குள் வேறு ஊர்களில் நாலு பேர் அதில் கை வைத்திருப்பார்கள். மிச்சம் எதுவோ அதிலிருந்துதான் ஒதுக்கீடு நடந்தது.

இங்கே இயந்திரத்துக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். ஒரே பி.என்.ஆரில் வரும் பயணிகளை வேண்டுமென்று அது பிரித்ததில்லை. சேர்ந்தாற்போல் இடம் இருந்தபோது சேர்த்தே கொடுத்தது. முன்பதிவு திறக்கும் காலையில் எடுத்த டிக்கெட்டுகளில் குடும்பங்கள் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதே அதற்குச் சாட்சி. சிக்கல் மிச்சத்தில்தான். அந்த மிச்சத்தின் வடிவத்தைக் கெடுத்தவர்களோ, யாருக்கும் கெடுதல் நினைக்காத தனிப் பயணிகள்.

தனியாகப் போகிற ஒருவர் லோயர் கேட்கிறார். கிடைக்கிறது. அந்தத் தடுப்பில் ஒன்று குறைகிறது. அடுத்தவரும் லோயர். அதே தடுப்பில் தீர்ந்திருந்தால் வேறு தடுப்பில் ஒன்று குறைகிறது. இப்படிக் கேட்டவர்கள் எல்லாத் தடுப்புகளிலிருந்தும் கீழ்ப் படுக்கைகளை ஒவ்வொன்றாக உருவிச் சென்றார்கள். இவர்களோடு பாதித் தூரப் பயணிகளும் சேர்ந்தார்கள். சென்னையிலிருந்து திருச்சி வரை ஒருவர் எடுத்த படுக்கையை, திருச்சிக்கு மேல் இன்னொருவருக்குத் தரலாம். ஆனால் திருநெல்வேலி வரை போகிற குடும்பத்துக்கு அது பயன்படாது, அவர்களுக்கு முழுத் தூரமும் காலியான படுக்கை வேண்டும். இப்படிச் சில நாள் ஓடிய பிறகு, 'காலியிடம் 6' என்று திரை காட்டிய எண்ணுக்குள் உண்மையில் என்ன இருந்திருக்கும்?

ஒரு பொங்கல் காலத்து டிக்கெட்டைக் கற்பனையாக எடுத்துப் பார்த்தால் விளங்கும். எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு ஆறு பேர். தாத்தாவுக்கு 66, பாட்டிக்கு 62, மகனுக்கு 38, மருமகளுக்கு 34, பேரனுக்கு 12, பேத்திக்கு 9. பொதுப் பங்கில் மிச்சம் இருந்த ஆறு படுக்கைகள் இவை என்று கொள்வோம்: எஸ்4 பெட்டியில் 11, 13, 14, 30. எஸ்6இல் 48. எஸ்7இல் 57. எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தால் படுக்கையின் வகை தெரிந்துவிடும். 11க்கு மீதி 3, அது அப்பர். 13க்கு 5, மிடில். 14க்கு 6, அப்பர். 30க்கும் மீதி 6, அதுவும் அப்பர், ஆனால் இரண்டு தடுப்பு தள்ளி. 48க்கு மீதியில்லை, சைடு அப்பர். 57க்கு மீதி 1. ஆறில் ஒரே ஒரு லோயர் அதுதான், அதுவும் மூன்று பெட்டி தள்ளி.

குடும்பம் இரண்டு பெரியவர்களுக்கும் லோயர் என்று குறித்திருந்தது. குறிக்காமல் விட்டிருந்தாலும், வயதைப் பார்த்துக் கீழ்ப் படுக்கை தர முயல்வது அமைப்புக்கு இடப்பட்ட விதி. இருந்த ஒரு லோயர் தாத்தாவுக்குப் போனால், அவர் எஸ்7இல் தனியே. பாட்டிக்கு எஸ்4இல் மிடில். ஒருவர் எஸ்6இன் சைடு அப்பரில். மற்ற மூவரில் ஒருவர் அதே எஸ்4இல் வேறு தடுப்பில். முதியவருக்கு உதவுவதற்காக எழுதப்பட்ட விதியே முதியவரைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது. ஆனால் அதே ரயிலில் முதியோர் பங்கில் கீழ்ப் படுக்கைகள் விற்காமல் இருந்திருக்கவும் கூடும். அவை ஏன் இவர்களுக்குக் கிடைக்கவில்லை?

அந்தப் பங்குக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தனியாகவோ, ஒரே டிக்கெட்டில் அதிகபட்சம் இருவராகவோ போகும் தகுதியுள்ளவர்களுக்கு மட்டும்தான் அது. டிக்கெட்டில் மூன்றாவது பெயர் சேர்ந்தாலோ, உடன் வருபவர் தகுதி வயதுக்குக் கீழே இருந்தாலோ கதவு மூடிக்கொண்டது. துணையில்லாத முதியவர் மேலே ஏறத் திண்டாடக்கூடாது என்பதற்காக ஏற்படுத்திய பங்கு அது. பெரிய குடும்பங்கள் தாத்தா பெயரை முன்னால் வைத்து அதை அள்ளிக்கொள்ளாமல் தடுத்தது நிபந்தனை. தாத்தாவையும் பாட்டியையும் தனி டிக்கெட்டில் அந்தப் பங்கில் எடுத்திருந்தால் இருவருக்கும் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கலாம். அப்போது மற்ற நால்வர் வேறு டிக்கெட், வேறு பி.என்.ஆர். இரண்டு பி.என்.ஆர்.களுக்கும் உறவு இருப்பது இயந்திரத்துக்குத் தெரியாது. கீழ்ப் படுக்கையா, ஒரே இடமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குக் குடும்பம் தள்ளப்பட்டது.

இந்தச் சிதறலுக்கு வேறொரு விளக்கமும் செல்போன்களில் வலம் வந்தது. பெட்டியின் எடை சமமாக இருக்க வேண்டும், அதனால் நடுப் பெட்டிகளையும் நடுத் தடுப்புகளையும் முதலில் நிரப்பி, பிறகு ஓரங்களுக்குப் போகும்படி மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் வளைவில் ரயில் கவிழும் என்றது அந்தச் செய்தி. கேட்கச் சுவையாக இருந்ததால் பலரும் நம்பினார்கள். கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. 72 பேரை ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் சுமார் 4 டன். வெறும் பெட்டியே 35 டன்னுக்கு மேல். அதே ரயிலின் இரு முனைகளிலும் இருந்த பொதுப் பெட்டிகளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எந்தக் கணிப்பொறியும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அவை மற்றப் பெட்டிகளோடு அதே வளைவுகளைத்தான் கடந்தன. குடும்பம் பிரிந்ததற்கு இயற்பியலைத் தேடிப் போக வேண்டியதில்லை. பங்குகளும், முந்தி வந்தவர்களும், மிச்சமும் போதும். ஆனால் இதுவரை சொன்னது இடம் உறுதியாகக் கிடைத்தவர்களின் கதை. வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றவர்கள் இன்னும் வினோதமான வழியில் சிதறினார்கள்.

வெயிட்டிங் லிஸ்ட்டில் குடும்பத்துக்கு என்று ஓர் எண் கிடையாது. தலைக்கு ஓர் எண். நாலு பேர் என்றால் 12, 13, 14, 15. யாராவது டிக்கெட்டை ரத்து செய்தால், அவர் விட்ட படுக்கை வரிசையில் முன்னால் நின்ற ஆர்.ஏ.சி. பயணிக்குப் போனது. அவர் எழுந்த இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்டிலிருந்து ஒருவர் நகர்ந்தார். ரத்து செய்தவர் எஸ்2இல் இருந்தாரா எஸ்9இல் இருந்தாரா என்பதைக் காத்திருந்த குடும்பம் தேர்ந்தெடுக்க முடியாது. பல நாட்களுக்கு 'கன்ஃபர்ம்' என்ற சொல் மட்டும் வந்து, பெட்டியும் எண்ணும் வராமல் இருக்கும். அவை தெரிந்தது சார்ட் தயாரானபோதுதான். நெடுங்காலம் புறப்பாட்டுக்கு 4 மணி நேரம் முன்பு தயாரான சார்ட், 2025இல் 8 மணி நேரம் முன்பு என்று மாற்றப்பட்டது. அந்த நேரத்தில், விற்காமல் மிஞ்சிய பங்குகளெல்லாம் உடைக்கப்பட்டு, அந்த உதிரிகளும் வரிசையில் நின்றவர்களுக்குப் பகிரப்பட்டன. நாலு பேரில் இருவருக்கு வெவ்வேறு பெட்டிகளில் படுக்கை, மூன்றாமவர் ஆர்.ஏ.சி.யில் பாதி இருக்கை, நாலாமவர் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட் என்றுகூட ஒரே டிக்கெட் முடிந்தது. நாலாமவர் பெயர் சார்ட்டில் இருந்தது, படுக்கை மட்டும் இல்லை.

புகார்கள் குவிந்ததும், எழுத்தரின் அந்தப் பழைய கேள்வியை வேறு உருவில் திரும்பக் கொண்டுவரும் முயற்சி நடந்தது. இணையப் படிவத்தின் அடிப்பகுதியில் சில தேர்வுகள் முளைத்தன. எல்லாப் படுக்கைகளும் ஒரே பெட்டியில் கிடைத்தால் மட்டும் பதிவு செய், குறைந்தது ஒரு லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய், இரண்டு லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய், உறுதியான படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய். விரும்பும் பெட்டியின் எண்ணைக் குறிக்க ஒரு கட்டமும் வந்தது. பலர் கண்ணில் படாமலே கடந்து போன வரிகள் இவை. குறித்தவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது.

திருநெல்வேலிக் குடும்பம் 'ஒரே பெட்டி' என்பதைக் குறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எஸ்4இல் நாலுதான் இருந்தது. ஆறு பேருக்கு நிபந்தனை நிறைவேறாது. ஒதுக்கீடு பணம் கட்டிய பிறகுதான் நடக்கிறது என்பதால், கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், டிக்கெட் வந்திருக்காது, பணம் சில நாளில் திரும்பியிருக்கும். அதற்குள் அந்த ஆறு இடங்களும் வேறு யாருக்கோ போயிருக்கும். பிரிந்தாவது போகலாம் என்று நினைக்கிற குடும்பத்துக்கு அந்தத் தேர்வு ஆபத்தானது. ஒன்பது வயதுக் குழந்தையோடு பிரிந்து போகவே முடியாது என்கிற குடும்பத்துக்கு அது அவசியமானது. தவிர, ஒரே பெட்டி என்பது ஒரே தடுப்பும் ஆகாது. 3ஆம் எண்ணுக்கும் 70ஆம் எண்ணுக்கும் நடுவே ஏறக்குறைய முழுப் பெட்டியே கிடக்கிறது, இருந்தும் நிபந்தனை நிறைவேறியதாகத்தான் கணக்கு.

பதிவேட்டுக் காலத்து எழுத்தர் ஒருவர் ஒரு பக்கத்தைப் பார்த்தார். அவருக்குப் பதிலாக வந்த அமைப்பு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்பவர்களுக்கு, ஒரு படுக்கையை இரண்டு பேருக்குத் தந்துவிடாமல் பதில் சொன்னது. அந்தப் பெரிய வெற்றிக்குள்தான் செல்போனுக்கு வந்து சேர்ந்த எஸ்4-11, எஸ்6-48, எஸ்7-57 என்ற அந்த வரியும் பிறந்தது.

இன்றைய நிலவரத்தில், ஒரு தடுப்பு அதிகபட்சம் முழுசாக இருக்கும் நேரம் முன்பதிவு திறக்கும் காலை 8 மணி. 2024 நவம்பர் முதல் அது பயண நாளை விட்டுவிட்டு 60 நாளுக்கு முன்பு. அந்தக் காலையில் ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போடுவதே சேர்ந்து போவதற்கான நல்ல வழி. நாள் தள்ளிப் போனால், குழந்தையும் பெரியவர் ஒருவரும் குறைந்தது ஒரே பெட்டியில் இருக்கும்படி இருவர் மூவராகப் பிரித்து, ஒரே பெட்டி நிபந்தனையோடு எடுப்பது ஆறு பேரை மிச்சத்தின் கையில் விடுவதைவிடப் பாதுகாப்பானது. ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு வலு குறைவு. டி.டி.இ.யின் கையிலுள்ள கருவியில் காலியாகும் படுக்கை முதலில் ஆர்.ஏ.சி.க்கும் பிறகு வெயிட்டிங் லிஸ்ட்டுக்கும்தான் போகிறது. பிரிந்து கிடக்கும் குடும்பத்துக்கு அதில் உரிமை இல்லை. மிஞ்சுவது, சக பயணிகள் சம்மதித்து இடம் மாற்றிக்கொள்வது ஒன்றுதான்.